அட்வான்ஸ் கணக்கை வங்கியில் முடிப்பது எப்படி?

வெளிநாட்டு சப்ளையருக்கு அட்வான்ஸ் அனுப்பிச் சரக்கு வாங்கும் சிறு நிறுவனங்களில், பெரும்பாலும் ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வரும். வங்கி அனுப்பியது. நீங்கள் அனுப்பிய இன்ன தொகைக்கு இறக்குமதி ஆவணம் இன்னும் வரவில்லை, உடனே தாருங்கள் என்று அதில் இருக்கும். சரக்கு எப்போதோ வந்து, துணியாக வெட்டப்பட்டு, தைக்கப்பட்டு, விற்றும் போயிருக்கும். பில் ஆஃப் என்ட்ரியையும் வங்கியில் கொடுத்தாயிற்று. பிறகு ஏன் இந்தக் கடிதம்? கணக்காளர் கிளைக்குப் போவார். அங்கே நடக்கும் பேச்சு அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

"சார், பில்லை அப்பவே குடுத்துட்டேனே?"

"குடுத்தீங்க சார். ஆனா எந்த ரெமிட்டன்ஸுக்குன்னு நீங்க எழுதலையே. உங்களுக்கு ஓப்பனா ஆறு ரெமிட்டன்ஸ் இருக்கு. நாங்க எதுல போடறது?"

கொடுப்பது ஒரு வேலை, கணக்கில் சேர்வது இன்னொரு வேலை. இரண்டும் ஒன்றென்று நினைப்பதால்தான் இந்தத் தொல்லை வருகிறது. பணம் போன அன்றே வங்கி கொடுக்கும் ஒரு தாள் இரண்டையும் இணைக்கும். அதுதான் ரெமிட்டன்ஸ் அட்வைஸ். பலரும் பணம் போனதற்குச் சாட்சியாக மட்டும் அதை எடுத்துக்கொண்டு, சப்ளையருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஃபைலில் போட்டுவிடுகிறார்கள். அதற்கு அதைவிடப் பெரிய வேலை இருக்கிறது.

அட்வான்ஸ் என்பது சரக்கு வருவதற்கு முன்பே நாட்டை விட்டுப் போகும் அன்னியச் செலாவணி. போன பணத்துக்கு ஈடாகச் சரக்கு உண்மையிலேயே வந்ததா என்று பார்க்கும் பொறுப்பை ரிசர்வ் வங்கி, பணம் அனுப்பிய வங்கியிடம் விட்டிருக்கிறது. இறக்குமதி பற்றிய 2016 ஜனவரி 1ஆம் தேதி மாஸ்டர் டைரக்‌ஷன் வகுத்த அடிப்படை இது: பணம் போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் சரக்கு இந்தியாவுக்கு வந்துவிட வேண்டும். இயந்திரம் போன்ற மூலதனப் பொருளாக இருந்தால் மூன்று வருடம். அந்தக் காலம் முடிந்த பதினைந்து நாளுக்குள் வந்ததற்கான சான்றை வங்கியிடம் தர வேண்டும். அட்வான்ஸ் அனுப்பும்போது நாம் கையெழுத்துப் போடும் தாள்களில் இந்த உறுதிமொழியும் ஒன்று. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களே அதிகம்.

அப்போதெல்லாம் சுங்கத்துறை முத்திரை குத்திய பில் ஆஃப் என்ட்ரியின் ஒரு பிரதியை வங்கியில் கொடுத்தால் போதும். 2016 அக்டோபர் 10 முதல் ஐ.டி.பி.எம்.எஸ். என்ற கணினி ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அதற்குள் இரண்டு பக்கங்களிலிருந்து தகவல் வருகிறது. வெளிநாட்டுக்குப் பணம் போனதும் வங்கி ஒரு பதிவைப் போடுகிறது. அதற்குப் பெயர் அவுட்வர்டு ரெமிட்டன்ஸ் மெசேஜ், வங்கிக்காரர்கள் வாயில் ஓ.ஆர்.எம். துறைமுகத்தில் சரக்கு கிளியர் ஆனதும் சுங்கத்துறையிலிருந்து பில் ஆஃப் என்ட்ரியின் விவரம் வருகிறது. ஒரு பக்கம் போன பணம், மறுபக்கம் வந்த சரக்கு. இரண்டும் தானாக ஜோடி சேராது. இந்த ஓ.ஆர்.எம்.முக்கு இந்த பில் என்று இறக்குமதியாளர் சொல்ல வேண்டும், வங்கி ஊழியர் பதிய வேண்டும். அந்தப் பதிவு நடக்கும்வரை, நூல் குடோனுக்கு வந்து தீர்ந்தே போயிருந்தாலும், கணினியைப் பொறுத்தவரை உங்கள் பணம் வெளியே நிற்கும் பணம்தான்.

ரெமிட்டன்ஸ் அட்வைஸை எடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கு வங்கி தோற்றம் மாறும். சிலர் டெபிட் அட்வைஸையும் ஸ்விஃப்ட் காப்பியையும் தனித்தனியாகத் தருவார்கள், சிலர் ஒன்றாக. ஸ்விஃப்ட் காப்பியில் வரிகளுக்கு எண் இருக்கலாம், புதிய வடிவத்தில் எண்ணுக்குப் பதில் தலைப்பு மட்டும் இருக்கலாம். நமக்கு வேண்டியவை சிலதான். வங்கியின் ரெஃபரன்ஸ் நம்பர் முதலாவது. பல வங்கிகளில் அதுவே ஓ.ஆர்.எம். நம்பராகவும் இருக்கும், சில வங்கிகளில் ஓ.ஆர்.எம்.முக்குத் தனி நம்பர் உண்டு. எது என்று ஊகிக்க வேண்டாம், பணம் போன வாரத்திலேயே கிளையில் கேட்டு அட்வைஸின் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்து 32A என்ற வரியில் இருக்கும் தேதியும் நாணயமும் தொகையும். பிறகு 59 என்ற வரியில் பணம் பெறுகிறவரின் பெயர். 71A என்ற வரியில் OUR அல்லது SHA என்று மூன்றெழுத்து இருக்கும். பலரும் கண்டுகொள்ளாமல் விடும் வரி அது, ஆனால் அதில் ஒரு வில்லங்கம் ஒளிந்திருக்கிறது. கடைசியாக பர்ப்பஸ் கோடு. இறக்குமதி அட்வான்ஸுக்கு S0101. வந்துவிட்ட சரக்குக்குப் பணம் கட்டினால் S0102. அட்வான்ஸாகப் போன பணம் வேறு கோடில், அதிலும் சேவைக் கட்டணக் கோடில் பதிவாகியிருந்தால், பின்னால் பில்லைக் கொண்டுபோகும்போது அதைச் சேர்க்க ஓ.ஆர்.எம்.மே இருக்காது. அட்வைஸ் கைக்கு வந்த அன்றே பார்த்தால் திருத்துவது எளிது. எட்டு மாதம் கழித்துத் திருத்தச் சொன்னால் கிளையிலிருந்து மண்டல அலுவலகம், அங்கிருந்து தலைமை அலுவலகம் என்று அலைய வேண்டும்.

திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். தைவானிலிருந்து விளையாட்டு உடைக்கான பாலியெஸ்டர் துணியும், அதற்குப் பொருத்தமான ஜிப்பும் லேபிளும் வரவழைக்கிறது. ப்ரொஃபார்மா இன்வாய்ஸ் 40,000 டாலர். 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி கப்பலேற்றும் முன். கணக்கு எளிதாகத் தெரிகிறது. ஆனால் இதில்தான் சிக்கல் விழும்.

ஜூன் 10 அன்று 12,000 டாலர் போகிறது. விண்ணப்பத்தில் வங்கிக் கட்டணம் SHA என்று இருந்ததால், இடையிலிருந்த வங்கி 25 டாலரைப் பிடித்துக்கொண்டு 11,975ஐ மட்டும் சப்ளையருக்குச் சேர்க்கிறது. நம் வங்கியின் பதிவிலோ ஓ.ஆர்.எம். 12,000 என்றே நிற்கும். ஆகஸ்ட் 8 அன்று மீதி 28,000 அனுப்ப வேண்டும். சப்ளையர், குறைந்த 25ஐயும் சேர்த்து அனுப்புங்கள் என்கிறார். முதலாளியும் நல்ல மனதோடு 28,025 அனுப்புகிறார். இப்போது இரண்டு ஓ.ஆர்.எம்., மொத்தம் 40,025 டாலர்.

செப்டம்பரில் துணி கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து சேர்கிறது. கிளியரிங் ஏஜென்ட் பில் ஆஃப் என்ட்ரி போடுகிறார், துறைமுகக் குறியீடு INTUT1. அதிலுள்ள இன்வாய்ஸ் தொகை 37,400 டாலர். ஜிப்பும் லேபிளும் தயாராகத் தாமதமானதால், சப்ளையர் 2,600 டாலருக்குத் தனி இன்வாய்ஸ் போட்டு கூரியரில் விமானத்தில் அனுப்புகிறார். கூரியர் நிறுவனமே சுங்கத்தில் கிளியர் செய்து வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. பெட்டியைப் பிரித்துச் சரக்கை எடுத்த கையோடு, மேலே ஒட்டியிருந்த தாள்களைக் குப்பையில் போடுகிறார்கள்.

கணக்காளர் துணியின் பில் ஆஃப் என்ட்ரியை மட்டும் வங்கியில் கொடுக்கிறார், சரக்கு வந்துவிட்டது என்ற ஒற்றை வரிக் கடிதத்துடன். வங்கி ஊழியர் திரையில் பார்ப்பது 37,400 டாலர் பில்லையும், அந்தத் தொகைக்கு எதுவும் பொருந்தாத இரண்டு ஓ.ஆர்.எம்.களையும்தான். அவர் 28,025ஐ முழுதாகச் சேர்த்துவிட்டு மற்றதைப் பாதியில் விடலாம், அல்லது விளக்கம் கேட்டுக் காத்திருக்கலாம். எப்படியானாலும் டிசம்பர் 10இல் முதல் அட்வான்ஸின் ஆறு மாதம் முடிகிறது, டிசம்பர் 25இல் சான்று தரும் கெடுவும் முடிகிறது. அதன் பிறகு வருவதுதான் நாம் தொடக்கத்தில் பார்த்த மின்னஞ்சல்.

இதை இரண்டு அட்வைஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரியாகச் செய்தால் எப்படி இருக்கும்? கடிதத்தில் வங்கியே யோசிக்க வேண்டிய எதையும் மிச்சம் வைக்கக்கூடாது. ஜூன் 10 தேதியிட்ட ஓ.ஆர்.எம். நம்பர் இன்னது, 12,000 டாலர். இது முழுவதும் தூத்துக்குடி பில் ஆஃப் என்ட்ரியின் இன்ன இன்வாய்ஸில் சேர வேண்டும். ஆகஸ்ட் 8 தேதியிட்ட ஓ.ஆர்.எம். நம்பர் இன்னது, 28,025 டாலர். இதில் 25,400 அதே தூத்துக்குடி பில்லுக்கு, 2,600 கூரியர் பில்லுக்கு. மீதி 25 டாலர், முதல் ரெமிட்டன்ஸில் இடை வங்கி பிடித்த கட்டணத்தை ஈடு செய்ய அனுப்பியது. அதற்குச் சான்றாக சப்ளையரின் கடிதமும், SHA என்று காட்டும் ஜூன் மாத அட்வைஸும் இணைக்கப்பட்டுள்ளன. பில் ஆஃப் என்ட்ரி ஒவ்வொன்றுக்கும் எண், தேதி, துறைமுகக் குறியீடு மூன்றும் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் வங்கி அந்த மூன்றை வைத்துத்தான் கணினியில் தேடும். 12,000மும் 25,400மும் சேர்ந்தால் 37,400 வருகிறது, கூரியரின் 2,600ஐச் சேர்த்தால் 40,000. கடிதத்தின் கடைசியில் இந்தக் கூட்டலையும் காட்டிவிட்டால் ஊழியருக்கு ஐந்து நிமிட வேலை.

அந்த 25 டாலர் அற்பத் தொகைதான். ஆனாலும் அது இருக்கும்வரை அந்த ஓ.ஆர்.எம். மூடாமல் நிற்கும், பட்டியலில் உங்கள் நிறுவனத்தின் பெயரும் நிற்கும். அட்வான்ஸ் அனுப்பும்போதே கட்டணம் OUR என்று எழுதி, வெளிநாட்டு வங்கியின் செலவையும் நாமே ஏற்றுக்கொண்டால் இந்தச் சிறு துண்டு பெரும்பாலும் உருவாகாது. கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்தான், பின்னால் எழுத வேண்டிய கடிதங்களை நினைத்தால் அது லாபம் என்பது என் அபிப்பிராயம்.

கூரியர் பில்லைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கப்பல் சரக்கின் பில் விவரம் சுங்கத்திலிருந்து கணினி வழியாகவே வங்கிக்குப் போய்விடும். கூரியரில் வந்ததற்கு அந்த நம்பிக்கை வைக்க முடியாது. கூரியர் நிறுவனம் சுங்கத்தில் தாக்கல் செய்த கூரியர் பில் ஆஃப் என்ட்ரியைச் சான்றாக ஏற்க ரிசர்வ் வங்கியின் விதியில் இடம் இருக்கிறது. தபாலில் வந்தால் சுங்க மதிப்பீட்டுச் சான்று. ஆனால் அந்தத் தாளை நாம்தான் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும், வங்கி அதைக் கையால் பதிய வேண்டும். பெட்டி வந்த வாரத்தில் கேட்டால் கூரியர் அலுவலகம் மின்னஞ்சலில் அனுப்பிவிடும். வருடம் கழித்துக் கேட்டால் தேடித் தருவார்களா என்பது அவர்கள் பொறுமையைப் பொறுத்தது.

கப்பல் சரக்கிலும் ஒரு இடத்தில் தகவல் வழிமாறிப் போகலாம். பில் ஆஃப் என்ட்ரியில் இறக்குமதியாளரின் வங்கிக் கிளையைக் குறிக்கும் ஏ.டி. கோடு இருக்கும். நிறுவனத்துக்கு இரண்டு வங்கியில் கணக்கு இருந்து, பணம் ஒரு வங்கி வழியாகப் போயிருக்க, ஏஜென்ட் பழைய பில்லைப் பார்த்து மற்ற வங்கியின் கோடைப் போட்டுவிட்டால், சரக்கின் விவரம் அந்த வங்கிக்குப் போய்விடும். பணம் அனுப்பிய வங்கியின் பட்டியலில் பில்லே தெரியாது. அங்கே போய் நின்றால், அப்படி ஒரு பில் வரவில்லையே என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. இதைத் தவிர்க்க, அட்வைஸின் ஒரு பிரதியை, அனுப்பிய வங்கியின் ஏ.டி. கோடோடு சேர்த்து, பில் போடுமுன்பே ஏஜென்டிடம் கொடுத்துவிட வேண்டும். போட்டபின் தெரிந்தால் இரண்டு வங்கிகளுக்கும் எழுதி, பணம் அனுப்பிய வங்கி அந்த பில்லை எடுத்துச் சேர்க்கும்படி கேட்க வேண்டும். பில் சுங்கத்தின் பதிவில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ICEGATE இணையதளத்தில் எண்ணையும் தேதியையும் துறைமுகத்தையும் கொடுத்து நாமே பார்த்துக்கொள்ளலாம்.

59ஆம் வரியிலுள்ள பெயரையும் பில் ஆஃப் என்ட்ரியில் சப்ளையர் என்று இருக்கும் பெயரையும் ஒப்பிட மறக்கக்கூடாது. தைவான் ஆலையிடம் துணி வாங்கிவிட்டு, அவர்கள் சொன்னார்கள் என்று ஹாங்காங்கிலுள்ள இன்னொரு நிறுவனத்தின் கணக்குக்குப் பணம் அனுப்பியிருந்தால், அது மூன்றாம் நபருக்குச் செலுத்திய பணம். அதற்கு வழி இருக்கிறது. ஆனால் பணம் இன்னாருக்குப் போக வேண்டும் என்ற வாசகம் இன்வாய்ஸிலும் பில் ஆஃப் என்ட்ரியிலும் முன்பே இருக்க வேண்டும். சரக்கு கிளியர் ஆனபின் அதை நுழைப்பது மிகக் கடினம். கணக்கு மாறிவிட்டது என்று சப்ளையர் பெயரில் மோசடி மின்னஞ்சல் அனுப்பிப் பணம் பறிப்பதும் நடக்கிற காலம் இது. ஆகவே பெயர் மாறினால், பணம் அனுப்பும் முன்பே சப்ளையரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பது நல்லது.

சரி, கடிதம் கொடுத்தாயிற்று. உறுதி செய்துகொள்வது எப்படி? இங்கே இரண்டு படிகள் உண்டு. முதல் படி, சான்று பெற்றுக்கொண்டதற்கு வங்கி தரும் ஒப்புகைச் சீட்டு. இறக்குமதிச் சான்றைப் பெறும் வங்கி ஒப்புகை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் அதே டைரக்‌ஷனில் இருக்கிறது, எனவே கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஆனால் அந்தச் சீட்டு நீங்கள் கொடுத்தீர்கள் என்பதை மட்டுமே சொல்லும். இரண்டாவது படிதான் முக்கியமானது. ஒன்றிரண்டு வாரம் கழித்து, உங்கள் ஐ.இ.சி. எண்ணின் பேரில் நிலுவையிலுள்ள ஓ.ஆர்.எம்.களின் பட்டியலை வங்கியிடம் கேளுங்கள். அட்வைஸிலிருந்து எழுதிவைத்த நம்பர் அந்தப் பட்டியலில் இல்லை என்றாலோ, இருந்து நிலுவை சுழியம் என்றாலோ வேலை முடிந்தது. நிலுவையில் தொகை ஏதும் இருந்தால், எவ்வளவு, எதனால் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தப் பதிலையும் பட்டியலையும் அட்வைஸோடும் பில்லோடும் சேர்த்து ஒரே ஃபைலில் வைத்தால், ஆடிட்டர் கேட்கும்போது சப்ளையர் அட்வான்ஸ் என்ற கணக்குத் தலைப்பு ஏன் முடிந்தது என்று விளக்க வேறெதுவும் வேண்டாம்.

சரக்கே வராமல் போய், சப்ளையர் பணத்தைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. அப்போதும் இதே அட்வைஸ்தான் ஆதாரம். திரும்பி வந்த பணம் இறக்குமதித் தொகை திரும்பியது என்ற P1501 கோடில், பழைய ஓ.ஆர்.எம். நம்பரைச் சுட்டிப் பதிவாக வேண்டும். ஏற்றுமதியும் செய்யும் திருப்பூர் நிறுவனங்களுக்கு இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. உள்ளே வரும் டாலரெல்லாம் ஏற்றுமதிப் பணம் என்று வங்கி பதிந்துவிட்டால், அங்கே ஏற்றுமதி பில் இல்லாத ஒரு வரவும், இங்கே சரக்கு இல்லாத ஒரு அட்வான்ஸும் தனித்தனியாக நிலுவையில் தொங்கும். பணம் வருமுன்பே வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுவது இதைத் தடுக்கும்.

முடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று சிலர் கேட்பார்கள். அன்றாடத்தில் தெரியும் வலி, அடுத்த அட்வான்ஸை அனுப்பப் போகும்போது வரும். பழைய நிலுவையை முடித்துவிட்டு வாருங்கள் என்று வங்கி நிறுத்தும், சீசன் நேரத்தில் துணி வராமல் தையல் லைன் காத்துக்கிடக்கும். அதற்கு மேலே ஃபெமா சட்டம் இருக்கிறது. வாங்கிய அன்னியச் செலாவணியைச் சொன்ன காரியத்துக்குப் பயன்படுத்தாவிட்டால் அது அந்தச் சட்டத்தை மீறியதாகும், மீறலுக்கான தண்டத்தொகை சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை போகலாம். சரக்கை உண்மையாகவே இறக்கியவர் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இறக்கியதை நிரூபிக்கும் சுமை அவர் தோளில்தான் இருக்கிறது.

சிறியவர்களுக்குக் கொஞ்சம் இளகியிருக்கிறது. பில் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய் வரையுள்ள பதிவுகளை, இறக்குமதியாளர் தரும் உறுதிமொழியின் பேரில் வங்கியே முடித்துவிடலாம் என்று 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொன்னது. நல்ல முடிவு, வரவேற்கிறேன். நம் எடுத்துக்காட்டில் கூரியர் பில் அதற்குள் அடங்கும், துணி பில் அடங்காது. வரம்புகளும் கெடுக்களும் அவ்வப்போது மாறுவதால், அட்வான்ஸ் அனுப்பும் நாளில் நடப்பிலுள்ள விதியை வங்கியின் அன்னியச் செலாவணிப் பிரிவில் கேட்டுக்கொள்வது அவசியம்.

வங்கிகளிடமும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஓ.ஆர்.எம். நம்பர் இன்னது, சான்று தர வேண்டிய கடைசி நாள் இன்னது என்று இரண்டு வரியை ரெமிட்டன்ஸ் அட்வைஸிலேயே கொட்டை எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். இரண்டு விவரமும் பணம் போகும் நாளிலேயே உங்களிடம் இருப்பவைதான். அதுவரை, இறக்குமதி செய்கிறவர்களே, அந்த இரண்டு வரியை நீங்களே உங்கள் அட்வைஸில் எழுதி வையுங்கள்.